பதினைந்து லட்டும் மூன்று கோடும்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி ஒரு படம் வரும். வழிகாட்டிப் புத்தகத்தின் ஒரு பக்கம், சற்றுச் சாய்வாக எடுத்தது, ஓரத்தில் கட்டைவிரல் நிழல். அதில் இப்படி ஒரு கணக்கு இருக்கும்: "ஒரே மாதிரியான 15 லட்டுகளை 4 குழந்தைகளுக்கு, ஒவ்வொருவருக்கும் குறைந்தது 2 லட்டாவது கிடைக்குமாறு, எத்தனை வழிகளில் பகிர்ந்தளிக்கலாம்?"

கணக்கைத் தொடுவதற்கு முன் இரண்டு சொற்களைப் படத்தில் தேடிப் பார்க்க வேண்டும். ஒன்று "ஒரே மாதிரியான", மற்றது "குறைந்தது". படம் வெட்டுப்பட்டு இவற்றில் ஒன்று விடுபட்டாலும், கணக்கு வேறு கணக்காகிவிடும். விடையும் நூற்றுக்கணக்கில், ஏன் கோடிக்கணக்கில் மாறும். கணக்கு சொல்லாமல் விடும் இன்னொன்றும் உண்டு. லட்டுகள் ஒன்றுபோல இருந்தாலும் குழந்தைகள் அப்படியல்ல. மூத்தவளுக்கு 9, மற்ற மூவருக்கும் இரண்டிரண்டு என்பது ஒரு வழி. கடைக்குட்டிக்கு 9 என்பது வேறு வழி. எந்தக் குழந்தைக்கு எத்தனை என்பது மட்டுமே கேள்வி. எந்த லட்டு யாருக்கு என்பது கேள்வியே இல்லை.

இந்த "குறைந்தது 2" என்ற நிபந்தனைதான் பலரையும் மிரட்டுகிறது. ஆனால் அதைத் தீர்ப்பது மிக எளிது. எண்ணத் தொடங்கும் முன்பே நால்வர் கையிலும் இரண்டிரண்டு லட்டு கொடுத்துவிடுங்கள். 8 லட்டு போயிற்று, நிபந்தனையும் நிறைவேறிவிட்டது. இனி மீதமுள்ள 7 லட்டுகளை எப்படி வேண்டுமானாலும் கொடுக்கலாம். யாருக்காவது ஒன்றுகூடக் கிடைக்காவிட்டாலும் பிழையில்லை, அவர் கையில் ஏற்கெனவே இரண்டு இருக்கிறது. ஆக, கேள்வி சுருங்கிவிட்டது: 7 லட்டு, 4 குழந்தைகள், நிபந்தனை எதுவும் இல்லை.

இப்போது அந்த 7 லட்டுகளை ஒரே வரிசையில் வையுங்கள். நான்கு பேருக்கான பங்கைப் பிரித்துக் காட்ட எத்தனை கோடு தேவை? மூன்று போதும். முதல் கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பதெல்லாம் முதல் குழந்தைக்கு, முதல் கோட்டுக்கும் இரண்டாவதற்கும் நடுவே இருப்பது இரண்டாவது குழந்தைக்கு, இப்படியே போய்க் கடைசிக் கோட்டுக்கு வலப்பக்கம் மிஞ்சுவது நான்காவது குழந்தைக்கு.

●●●|●|●●|●

இந்தப் படம் 3, 1, 2, 1 என்ற பங்கீட்டைச் சொல்கிறது. ஒரு குழந்தைக்கு எதுவும் இல்லையென்றால் இரண்டு கோடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும், அல்லது ஒரு கோடு வரிசையின் ஓரத்துக்குப் போய்விடும்:

●●●●||●●●|

இது 4, 0, 3, 0. ஒவ்வொரு பங்கீட்டுக்கும் ஒரே ஒரு படம்தான் உண்டு. ஒவ்வொரு படத்திலிருந்தும் ஒரே ஒரு பங்கீட்டைத்தான் படிக்க முடியும். எனவே பங்கீடுகளை எண்ணுவதற்குப் பதிலாகப் படங்களை எண்ணினால் போதும். இந்த முறையின் உயிர் முழுவதும் இந்த ஒரு மாற்றத்தில்தான் இருக்கிறது என்பேன். சூத்திரத்தை மறந்தவர்கூட இதை நினைவில் வைத்திருந்தால் நொடியில் மீண்டும் கட்டிவிடலாம்.

படத்தில் மொத்தம் 10 இடங்கள். அவற்றில் மூன்றில் கோடு, மீதி ஏழில் லட்டு. முதல் கோட்டுக்கு 10 இடம், அடுத்ததற்கு 9, அதற்கடுத்ததற்கு 8 என்று எடுத்தால் 720 வருகிறது. ஆனால் மூன்று கோடுகளும் ஒன்றுபோலவே இருப்பதால், ஒரே படத்தை 6 முறை எண்ணியிருக்கிறோம். 720-ஐ 6-ஆல் வகுத்தால் 120. பதினோராம் வகுப்பில் "10-லிருந்து 3-ஐத் தேர்ந்தெடுக்கும் சேர்வுகள்" என்று படித்தது இதுவேதான். விடை 120.

விடை சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 120 என்பது கையாலேயே சரிபார்க்கக்கூடிய எண். குழந்தைகளின் பெயரை ஒரு கணம் மறந்துவிட்டு, 7-ஐ நான்கு அல்லது அதற்குக் குறைந்த துண்டுகளாக எப்படியெல்லாம் உடைக்கலாம் என்று எழுதிப் பாருங்கள். 7 முழுசாக ஒருவருக்கே, 6, 1, 5, 2, 4, 3, 5, 1, 1, 4, 2, 1, 3, 3, 1, 3, 2, 2, 4, 1, 1, 1, 3, 2, 1, 1, 2, 2, 2, 1. மொத்தம் 11 வடிவங்கள். ஒவ்வொன்றையும் நான்கு பேருக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தால், 7. 4, 1, 1, 1. 2, 2, 2, 1 ஆகிய மூன்றும் தலா 4 வழி தரும். 4, 2, 1 என்பதில், ஒன்றும் பெறாதவரையும் சேர்த்து நால்வரின் பங்கும் வெவ்வேறு என்பதால், அது 24 வழி தரும். மற்ற ஏழு வடிவங்களும் தலா 12. கூட்டினால் 12, 24, 84, மொத்தம் 120. கோடு போட்டு வந்த எண்ணும் பட்டியல் போட்டு வந்த எண்ணும் ஒன்றாகிவிட்டன.

தவறான விடையும் பயனுள்ளதுதான், ஏனென்றால் அது எங்கே வழுக்கியது என்று காட்டிக்கொடுத்துவிடும். ஒருவருக்கு 816 வந்திருந்தால் அவர் "குறைந்தது 2" என்பதை விட்டுவிட்டு 15 லட்டுக்கும் 3 கோட்டுக்கும் கணக்குப் போட்டிருக்கிறார். 364 வந்திருந்தால் "ஆளுக்கு ஒன்றாவது" என்ற வேறு கணக்கின் சூத்திரத்தை மனப்பாடத்திலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார். 330 என்றால் நான்கு குழந்தைகளுக்கு நான்கு கோடு போட்டுவிட்டார். இந்தக் கடைசிப் பிழையைத்தான் அதிகம் பார்க்கலாம். நாலு பங்காகப் பிரிக்க மூன்று வெட்டுதான் வேண்டும் என்பது, காகிதத்தில் ஒரு படம் போட்டுவிட்டால் கண்ணுக்கே தெரியும்.

முதலிலேயே கொடுத்துவிடும் உபாயத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதைச் சொல்லாமல் விடுவதுதான் பல வழிகாட்டிப் புத்தகங்களின் குறை. லட்டுகள் ஒன்றுபோல இருப்பதால்தான் அது செல்லுபடியாகிறது. மூன்று வெவ்வேறு பண்டங்களை எடுத்துக்கொள்வோம்: ஒரு லட்டு, ஒரு ஜாங்கிரி, ஒரு மைசூர்பாகு. இரண்டு குழந்தைகள், ஆளுக்கு ஒன்றாவது வேண்டும். ஒவ்வொரு பண்டமும் இருவரில் ஒருவருக்குப் போகும் என்பதால் மொத்தம் 8 வழி. எல்லாமே ஒருவருக்குப் போகும் 2 வழிகளைக் கழித்தால் 6. இதுதான் சரியான விடை. அதையே "முதலில் ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுவோம்" என்று தொடங்கினால், முதல் குழந்தைக்கு 3 தெரிவு, இரண்டாவதற்கு 2, மிஞ்சிய பண்டத்துக்கு 2, பெருக்கினால் 12. இரட்டிப்பாகிவிட்டது. ஏனென்றால், முதல் குழந்தை லட்டை முதலில் வாங்கிப் பிறகு ஜாங்கிரியை வாங்கினாலும், ஜாங்கிரியை முதலில் வாங்கிப் பிறகு லட்டை வாங்கினாலும், கடைசியில் கையில் இருப்பது அதே இரண்டுதான். நாமோ அதை இரண்டு வழியாக எண்ணிவிட்டோம். எல்லாமே லட்டு என்றால் "எது முதலில் வந்தது" என்ற கேள்விக்கே இடமில்லை. படத்தில் "ஒரே மாதிரியான" என்ற சொல்லைத் தேடச் சொன்னது இதற்காகத்தான்.

குறைந்தபட்சம் ஆளுக்கு ஆள் மாறினாலும் முறை மாறாது. மூத்தவளுக்கு மட்டும் குறைந்தது 3 என்றால், முதலில் 9 லட்டு போகும், மீதி 6, கோடுகள் 3, விடை 84. "அதிகபட்சம்" என்பது வந்தால்தான் கொஞ்சம் உழைக்க வேண்டும். ஆளுக்குக் குறைந்தது 2, ஆனால் யாருக்கும் 5-க்கு மேல் கூடாது என்று வைத்துக்கொள்வோம். மீதமுள்ள 7-இல் ஒருவருக்கு 3-க்கு மேல் போகக்கூடாது என்று இதற்குப் பொருள். வரம்பை மீறும் குழந்தைக்கு முதலிலேயே 4 கொடுத்துவிட்டால் மிஞ்சுவது 3. அதை நால்வருக்கும் 20 வழியில் பகிரலாம். மீறுபவர் நால்வரில் யாராகவும் இருக்கலாம் என்பதால், கழிக்க வேண்டியது 80. இருவர் ஒரே நேரத்தில் மீற 8 லட்டு வேண்டும், நம்மிடம் இருப்பது 7-தான். ஆகவே எதையும் இருமுறை கழிக்கவில்லை. விடை 40.

இன்னொரு கண்ணி, நிகழ்தகவுக் கணக்கில் காத்திருக்கிறது. 120 வழிகள் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் 120-இல் ஒரு பங்கு வாய்ப்பு என்று எழுதிவிடுவார்கள். லட்டை ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணை மூடி நால்வரில் ஒருவருக்குக் கொடுத்தால் அப்படி நடப்பதில்லை. ஏழும் முதல் குழந்தைக்கே போக ஒரே ஒரு விதம்தான் உண்டு: ஒவ்வொரு முறையும் அதே குழந்தை. 2, 2, 2, 1 என்று அமைய 630 விதங்கள். எனவே இரண்டாவது, முதலாவதைவிட 630 மடங்கு எளிதாக நிகழும். கோடு போடும் முறை, வழிகளை எண்ணித் தரும். அவை சம வாய்ப்புள்ளவை என்று அது எங்கும் உறுதி சொல்லவில்லை.

ஆனால் இயற்கையில், இந்த 120-ஐயும் சமமாகவே எடுத்துக்கொள்ள வேண்டிய இடம் ஒன்று உண்டு. 1900-இல் மாக்ஸ் பிளாங்க், சூடான பொருள் வெளியிடும் ஒளியை விளக்குவதற்காக, ஆற்றலைச் சிறு சிறு சமத் துணுக்குகளாகக் கருதி, அவற்றை அதிர்விகளுக்குப் பகிர்ந்தளிக்கும் வழிகளை எண்ணினார். அவர் பயன்படுத்திய சூத்திரம் நம் லட்டுக் கணக்கின் சூத்திரம்தான். அது ஏன் அப்படி வருகிறது என்பதை எளிமையாகக் காட்ட 1914-இல் பால் ஏரென்ஃபெஸ்ட், ஹைக்கே கமர்லிங் ஒன்னஸ் ஆகிய இருவரும் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். அதில்தான் பொருள்களை வரிசையாக வைத்து இடையே தடுப்புக் குறி போடும் இந்தப் படம் இயற்பியலுக்கு வந்தது. பிற்பாடு வில்லியம் ஃபெல்லர் 1950-இல் வெளியிட்ட நிகழ்தகவுப் பாடநூல் வழியாக, அது நட்சத்திரங்களும் கோடுகளும் என்ற பெயரில் வகுப்பறைகளுக்குப் பரவியது.

ஏரென்ஃபெஸ்டும் ஒன்னஸும் எடுத்துக்கொண்ட உதாரணத்தில் அதிர்விகள் 4, ஆற்றல் துணுக்குகள் 7. துணுக்குக்கு ε என்றும் தடுப்புக்கு வட்டம் என்றும் குறி வைத்து, இப்படி எழுதினார்கள்:

εεεε○εε○○ε

முதல் அதிர்விக்கு 4, இரண்டாவதற்கு 2, மூன்றாவதற்கு எதுவுமில்லை, நான்காவதற்கு 1. நம் குழந்தைகள் கணக்கில், ஏற்கெனவே கையில் இருக்கும் இரண்டிரண்டையும் சேர்த்தால், இது 6, 4, 2, 3 என்ற பங்கீடு.