குவியலுள் ஒன்றைப் பற்றும் இடம்

கொடகவெலக் கடைத்தெருவிலே துவிச்சக்கரவண்டி திருத்துபவர் ஒருவர், பழைய தகரப் பேணிக்குள் கையை விட்டு, தாறுமாறாய்க் குவிந்து கிடக்கும் மரையாணிகளுள் ஒன்றை எடுக்கிறார். அவர் பேணியை உற்று நோக்குவதில்லை. ஓரிடத்தில் விரல் தடைப்பட்டால் மற்றோரிடத்தில் நுழைகிறது. நுழைந்த இடத்தில் அகப்பட்டதைப் பற்றிக்கொள்கிறது. இதே வேலையைத் தொழிற்சாலையில் ஓர் இயந்திரக் கையிடம் ஒப்படைத்தால், தொட்டுணரும் வசதி அதற்குப் பெரும்பாலும் இராது. எங்கே விரலை இறக்குவது என்பதை, இறக்குமுன்னரே, மேலிருந்து பார்த்துத் துணிய வேண்டும். அத்துணிவு எவ்வாறு பிறக்கின்றது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

இயந்திரத்தின் கண்ணாக அமைவது ஆழப்படம். சாதாரண நிழற்படத்தில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறத்தைக் குறிக்கும். ஆழப்படத்திலோ ஒவ்வொரு புள்ளியும் கமராவிலிருந்து அவ்விடம் எவ்வளவு தூரத்திலுள்ளது என்னும் எண்ணைத் தாங்கி நிற்கும். இதனைப் பெறும் வழிகளுள் ஒன்று, பெட்டியின்மேல் ஒளிக்கோடுகளை வீழ்த்தி, சற்றுத் தள்ளி அமைந்த கமராவால் அக்கோடுகள் வளைந்துள்ள அளவைக் கண்டு தூரத்தைக் கணிப்பதாம். பெட்டியின் அடித்தளத் தூரத்திலிருந்து ஒவ்வொரு புள்ளியின் தூரத்தையும் கழித்தால், குவியலின் உயரங்கள் கிடைக்கும்.

இனி, பற்றும் இடத்தைத் தேர்தற்கு இரு நெறிகள் உள. குவியலுள் ஒவ்வொரு பொருளும் எந்நிலையிற் கிடக்கின்றது என்பதை, அதன் முழு வடிவத்தோடு ஒப்பிட்டு அறிந்து, பின்னர் பற்றுவது ஒரு நெறி. பொருள் இன்னதென்று ஆராயாது, விரல்கள் நுழைவதற்கேற்ற இடம் எங்குளதென்று மட்டும் வினாவுவது மற்றொரு நெறி. யப்பானிய ஆய்வாளர் யுகியாசு தொமாயேயும் அவர்தம் துணைவர்களும் 2014இல் வெளியிட்ட முறை இரண்டாம் நெறியைச் சார்ந்தது. அம்முறையின் கருத்து எளியது: விரல்களுக்கு இடையே பொருள் இருத்தல் வேண்டும், விரல்கள் இறங்கும் இடத்தில் யாதும் இருத்தலாகாது.

இதனை எண்களால் விளக்குவாம். குவியலின் குறுக்கே ஒரு கோட்டை எடுத்து, 5 மில்லிமீற்றர் அகலமுள்ள 16 கட்டங்களாகப் பிரித்ததாகக் கொள்வோம். அவற்றின் உயரங்கள் மில்லிமீற்றரில் இடமிருந்து வலமாக வருமாறு: 8, 10, 12, 38, 40, 38, 12, 10, 14, 34, 31, 44, 45, 44, 33, 36. நம் கைக்கு இரு விரல்கள். ஒவ்வொன்றும் ஒரு கட்டத் தடிப்புள்ளது. இரண்டிற்கும் இடையே ஐந்து கட்ட இடைவெளி, அதாவது 25 மில்லிமீற்றர், இருக்கின்றது. பொருளின் உச்சியிலிருந்து 15 மில்லிமீற்றர் கீழே விரல் நுனி இறங்க வேண்டும் என்பது விதி.

மிக உயர்ந்த இடம் 13ஆம் கட்டம், உயரம் 45. முதலில் அதனையே எடுக்க எவரும் எண்ணுவர். அங்கே நுனி 30ஆம் மட்டத்திற்கு இறங்குதல் வேண்டும். விரல்கள் 10ஆம், 16ஆம் கட்டங்களில் விழும். அங்குள்ள உயரங்கள் 34, 36. இரண்டும் முப்பதினும் மிகுந்தவை. எனவே இரு விரல்களும் அயற்பொருள்களின்மீது மோதும், அவ்விடம் தள்ளப்படுகின்றது. 8 மில்லிமீற்றர் மட்டும் இறக்குவதாயின் நுனி 37ஆம் மட்டத்தில் நிற்கும், மோதல் இல்லை. ஆயினும் ஒரு பக்கம் எஞ்சும் இடைவெளி ஒரு மில்லிமீற்றரே. மேலோட்டமாகப் பிடித்த பொருளும் எளிதில் நழுவும்.

அடுத்து 5ஆம் கட்டத்தை நோக்குவோம். உச்சி 40, நுனி மட்டம் 25. விரல்கள் விழும் 2ஆம், 8ஆம் கட்டங்களின் உயரம் இரண்டிலும் பத்தே. தடையில்லை. இடையிலே 38, 40, 38 என மூன்று கட்டங்கள் மட்டத்திற்கு மேல் நிற்கின்றன. ஆகவே பற்றுதற்குப் பொருளும் உண்டு. உயரத்தில் இரண்டாவதாயினும் இதுவே தெரிவுக்குரிய இடம். பொருளின் உயரம் அன்று, அதன் அருகிலுள்ள வெற்றிடமே இங்கு முடிவு செய்தது என்பதைக் காண்க.

உண்மையிற் படம் ஒரு கோடன்று, பரப்பு. ஆதலின் விரல்களின் தடத்தைப் படமெங்கும் நகர்த்தியும், 15 பாகை தோறும் திருப்பியும் இச்சோதனையை நிகழ்த்துவர். இரு விரல்களும் ஒத்தவையாதலால் அரைவட்டம் போதும்; பன்னிரண்டு திசைகளே வரும். தேறிய இடங்கள் பலவாயின், அயலிலுள்ள இடங்களும் தேறியிருக்கும் பகுதியின் நடுவைத் தெரிவர். அங்கே கை சிறிது விலகினாலும் பிழை நேராது.

இம்முறையின் மிகக் கொடிய தவறு, எண் இல்லாத புள்ளிகளிலிருந்து வருவது. ஒளியை வீழ்த்தும் கருவியும் கமராவும் வேறு வேறிடத்தில் இருப்பதால், உயர்ந்த பொருளின் ஒரு பக்கத்தே ஒளி படாத நிழல் விழுகின்றது. அங்கே அளவு கிடையாது. விரல் இறங்க வேண்டிய இடமும் பொருளின் பக்கமே அன்றோ? கிடையாத அளவைச் சுழியமென்று எழுதி, அதனை உயரமாகக் கொண்டுவிட்டால், இயந்திரத்திற்கு அது ஆழ்ந்த வெற்றிடமாகத் தோன்றும். விரலை அங்கேயே செலுத்தி மோதும். ஆகையால், அறியாத இடத்தை நிறைந்த இடமாகவே கொள்ளல் வேண்டும். அப்படிச் செய்தால் வேறொரு குறை தோன்றும்: பெட்டியிற் பொருள் இருக்கவும், பற்ற இடமில்லையென்று இயந்திரம் நின்றுவிடும். காரணத்தை அறிதற்கு எண்ணில்லாப் புள்ளிகளைக் கரிய நிறத்திற் காட்டிப் பார்க்கலாம். கருமை எல்லாப் பொருள்களுக்கும் ஒரே பக்கத்தில் இருப்பின் அது நிழல். எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒளியை வீழ்த்துவது தீர்வாகும். பொருளின் மேற்பரப்பு நடுவே இருப்பின், பெரும்பாலும் அது உலோகப் பளபளப்பின் விளைவு; கமராவைச் சரித்தோ ஒளியின் அளவை மாற்றியோ மீண்டும் படம் எடுத்தல் வேண்டும்.

இரண்டாவது தவறு, ஒட்டிக் கிடக்கும் பொருள்களால் நேர்வது. 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரு கோல்கள் அணைந்து கிடப்பின், அவை 20 மில்லிமீற்றர் அகலமுள்ள ஒன்றாகவே தோன்றி, 25 மில்லிமீற்றர் இடைவெளிக்குள் அடங்கிவிடும். படத்தால் இதனை அறிய இயலாது; பற்றிய பின்னரே அறியலாம். விரல்கள் மூடி நின்ற அகலம் 10 ஆயின் ஒன்று; 20 ஆயின் இரண்டு; முழுதும் மூடினால் ஒன்றுமில்லை. இவ்வளவைப் பாராது விட்டால், இரு கோல்கள் ஒருங்கே அடுத்த பொறிக்குச் செல்லும்.

காற்றை உறிஞ்சிப் பற்றும் கிண்ணமாயின் அருகில் வெற்றிடம் பெரிதும் வேண்டுவதில்லை. கிண்ணம் படியுமளவு சமமான பரப்பு வேண்டும். அப்போது ஆழப்படத்தில் தேடுவதும் அதுவே. ஆயினும் எக்கருவியாயினும் அளவு கிடையாத இடத்தின் சிக்கல் தொடர்கின்றது. 2016இல் டெல்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார், பெட்டியிற் குவிந்த அடையாளமற்ற உருளைகளின் நிலையை அறிய, லேசர் அளவீட்டையும் கமராப் படத்தையும் இணைக்கும் முறையை வெளியிட்டனர். ஒரு கருவி காணத் தவறியதை மற்றொன்று காட்டக்கூடும் என்பதே இத்தகைய இணைப்பின் பயன்.

எவ்வகை இணைப்பாலும் நீங்காத எல்லையும் ஒன்றுண்டு. மேலிருந்து எடுத்த படம் மேற்பரப்பையே காட்டும். தெரிந்தெடுத்த பொருளின் மறுமுனை வேறொன்றின் கீழ்ச் சிக்கியிருப்பின், விரல்கள் சரியாகப் பற்றியும் அது எழாது; அன்றி, மற்றதையும் இழுத்துக்கொண்டு எழும். ஆதலின் தூக்கும்போது எடையையும் அளந்து, மிகுந்தால் மெல்ல விட்டுவிட்டு, புதிதாய்ப் படம் எடுத்துத் தொடங்குதல் வேண்டும். பழைய படத்தை மீண்டும் நம்புதல் ஆகாது; ஒருமுறை தொட்டபின் குவியல் முன்னிருந்த குவியலன்று.