பாடநூற் கவிதையின் நிழற்படமும் அணிநலக் கட்டுரையும்

பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் உள்ள ராபர்ட் ஃபிராஸ்டின் 'டஸ்ட் ஆஃப் ஸ்னோ' எட்டடிக் கவிதை. முழுவதும் ஒரே வாக்கியம். முதல் நான்கடிகள் எழுவாய்த் தொடர். பயனிலை ஐந்தாம் அடியில்தான் வருகின்றது. பக்கத்தின் நிழற்படத்தில் பிற்பாதி விடுபடின், காகம் மரத்திலிருந்து பனியை உதிர்த்த காட்சியே எஞ்சும். அந்நிகழ்வு வருந்திய மனத்தை மாற்றியது என்னும் கருப்பொருள் கிட்டாது. ஆகவே, வாக்கியம் முற்றுப்பெறுகின்றதா என்பதை முதலில் நோக்குதல் வேண்டும்.

பனியைத் தூசி என்பது உருவகம். 'ஹெம்லாக்' என்பதில்தான் இடர்ப்பாடு. சாக்ரட்டீசு அருந்திய நஞ்சை நினைந்து அதனை 'நச்சுமரம்' எனப் பெயர்த்து, தீமையின் குறியீடாக விரித்தெழுதுவோர் உளர். நஞ்சுடையது அப்பெயர் கொண்ட வேறொரு செடி. கவிதையிலுள்ளதோ வட அமெரிக்காவின் நஞ்சற்ற ஊசியிலை மரம். 'ஹெம்லாக் மரம்' என ஒலிபெயர்த்தலே தகும்.