பணம் எந்த அம்பு வழியாகப் போகிறது?

யுபிஐயை விளக்கும் எந்த பிரசன்டேஷனைத் திறந்தாலும் ஒரு ஸ்லைடு தவறாமல் இருக்கும். நடுவில் என்பிசிஐ என்று ஒரு கட்டம், இரு பக்கமும் வங்கிகள், ஓரங்களில் இரண்டு செல்போன்கள், எல்லாவற்றையும் இணைத்து ஏகப்பட்ட அம்புக்குறிகள். எழுபதைத் தாண்டிய என் பெரியப்பா அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுல என் பணம் எந்த அம்பு வழியாப் போவுது?"

எந்த அம்பு வழியாகவும் போவதில்லை. அந்த ஸ்லைடின் சாரமே அதுதான்.

"பெரியப்பா, நீங்க மெட்ராஸ்ல வேலை பார்த்தப்ப தாத்தாவுக்கு மணியார்டர் அனுப்புவீங்கள்ல? நீங்க கட்டின அதே நோட்டையா தபால்காரர் ஊர்ல கொண்டுபோய்க் குடுத்தாரு?"

"அதெப்படி? காசை இங்க கட்டிருவோம். ஃபாரம்தான் போகும். அங்க உள்ள போஸ்டாபீஸ்காரன் அவன்கிட்ட இருக்கிற காசை எடுத்துக் குடுப்பான்."

"இதுவும் அதேதான். அந்த அம்பு எல்லாம் ஃபாரம் போற வழி."

இதன் பிறகு ஸ்லைடைப் படிப்பது அவருக்குச் சுலபமாகிவிட்டது. பேத்திக்கு 2,000 ரூபாய் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். போனில் உள்ள ஆப்பில் அவர் பணம் எதுவும் இல்லை. அது ஃபாரம் நிரப்பும் இடம், அவ்வளவே. நிரப்பிய ஃபாரம் அந்த ஆப்போடு சேர்ந்த வங்கி வழியாக என்பிசிஐக்குப் போகிறது. 2008இல் தொடங்கிய அந்த நிறுவனம்தான் 2016இல் யுபிஐயைக் கொண்டுவந்தது. அது முதலில் பெரியப்பாவின் வங்கியிடம், "இவர் கணக்கில் 2,000 கழியுங்கள்" என்று சொல்கிறது. வங்கி பின் நம்பரைச் சரிபார்த்துக் கழித்த பிறகுதான் பேத்தியின் வங்கிக்கு, "2,000 வரவு வையுங்கள்" என்று தகவல் போகிறது. இரு வங்கிகளும் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்வது பிறகு, ரிசர்வ் வங்கியில் உள்ள அவற்றின் கணக்குகள் வழியாக, மொத்தமாக நடக்கும்.

"அப்ப நடுவுல ஃபாரம் சிக்கிக்கிச்சுன்னா?"

பலருக்கும் நேர்ந்திருப்பதைத்தான் கேட்டார். முதலில் கழிவு, பிறகு வரவு என்ற வரிசையால் வரும் சிக்கல் இது. கழித்தாகிவிட்டது, வரவு வைக்கச் சொன்ன தகவலுக்குப் பதில் வரவில்லை என்றால் திரையில் 'பெண்டிங்' என்று நிற்கும். அப்போது உடனே இன்னொரு முறை அனுப்பினால், இரண்டுமே போய்ச் சேர்ந்துவிடக்கூடும். ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டு விதிப்படி, ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய பணம் வரவாகாவிட்டால், அனுப்பிய நாளுக்கு அடுத்த நாளுக்குள் அது திரும்பிவிட வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வங்கியில் கேட்கப் போகும்போது ஆப்பில் தெரியும் 12 இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் போதும். மணியார்டர் ரசீதுக்கு நம்பர் இருந்ததைப் போல இதற்கும் உண்டு என்றதும் பெரியப்பா தலையாட்டினார்.

ஆனால் இந்த ஒப்புமையை இதோடு விட்டுவிடுவது ஆபத்து. மணியார்டரில் பணம் வாங்குகிறவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு, 'பணம் வரணும்னா நானும் ஏதோ செய்யணும்' என்பது இயல்பாகத் தோன்றுகிறது. மோசடிக்காரர்கள் பிடித்துக்கொள்வதும் அதைத்தான். பழைய கட்டிலை விற்க விளம்பரம் கொடுத்தவரைக் கூப்பிட்டு, "ஐயா, ஒரு க்யூஆர் அனுப்பியிருக்கேன், ஸ்கேன் பண்ணிப் பின் போடுங்க, காசு வந்துரும்" என்பார்கள். போட்ட மறுகணம் காசு போய்விடும்.

"பெரியப்பா, இங்க மட்டும் மணியார்டரை மறந்துருங்க. பணம் வாங்குறதுக்குக் கையெழுத்தே கிடையாது. போன் ஆஃப் ஆகிக் கிடந்தாலும் வர்ற காசு பேங்குக்கு வந்துரும். பின் போடுறது, கழிச்சுக்கோன்னு நீங்க குடுக்கிற கையெழுத்து."

பின் கேட்கும் திரையிலேயே யாருக்கு, எவ்வளவு என்று இருக்கும். அவர் போனில் அதைப் பெரிய எழுத்தில் வைத்து இரண்டு முறை படிக்கச் சொன்னேன். தனி நபர்கள் ஒருவருக்கொருவர் ஆப்பிலேயே பணம் கேட்டு அனுப்பும் 'கலெக்ட்' வசதி 2025 அக்டோபரிலிருந்து நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் க்யூஆர் வலை இன்னும் இருக்கிறது. ஏமாந்துவிட்டால் தயங்காமல் உடனே 1930க்குப் பேச வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது.

கடைசியில் பெரியப்பா என்னை மடக்கினார். "பேலன்ஸ் பார்க்கவும் பின் கேக்குதே, அப்பவும் கழியுமா?"

கழியாது. கணக்கைத் திறந்து காட்டும் முன், கேட்பது சொந்தக்காரர்தானா என்று வங்கி பார்த்துக்கொள்கிறது. ஆனால் அது நாமாக ஆப்பைத் திறந்து பேலன்ஸை அழுத்தும்போது மட்டும். போனில் யாரோ சொல்லி, "பேலன்ஸ் பாருங்க" என்று பின் போட வைத்தால், திரையில் தொகை ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடச் சொல்லியிருக்கிறேன்.