ஒரு வரி மறுமொழி



என் தமக்கையின் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்கிறாள். சென்ற பொங்கலையொட்டிக் கல்லூரியில் நடந்த விழாவில் பச்சைப் பட்டுடுத்தி எடுத்துக்கொண்ட படமொன்றை இன்ஸ்டாகிராமில் இட்டாள். தோழியர் பலர் பாராட்டி எழுதினர். அவர்களுக்கு நடுவே, முன்பின் அறியாத ஒருவரும் ‘அழகு’ என்று எழுதியிருந்தார். இவளும் ‘நன்றி அண்ணா’ என்று விடையளித்தாள். அடுத்த படத்தின் கீழ் அவர் ‘என் தேவதை’ என்று எழுதினார். அதற்கும் அடுத்த படத்தில், ‘அந்தப் பச்சைப் புடவை எனக்காகத்தானே, செல்லம்?’ என்று கேட்டார். 6 வாரங்களில் இத்தகைய குறிப்புகள் 11 சேர்ந்துவிட்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியுடன் என்னிடம் வந்தாள். “சித்தி, இதை அனுப்பலாமா, பாருங்கள்” என்றாள். அவள் எழுதி வைத்திருந்தது இது: ‘அண்ணா, தயவுசெய்து தவறாக நினைக்காதீர்கள். இப்படியெல்லாம் எழுத வேண்டாமே. எங்கள் அப்பா பார்த்தால் கோபித்துக்கொள்வார்.’ இறுதியில் ஒரு சிரித்த முகம்.

நான் தமிழ் கற்பிப்பவள். ஆகவே அந்த வாசகத்தை ஒரு பாடம்போலவே எடுத்துக்கொண்டு இருவரும் சொல் சொல்லாக ஆராய்ந்தோம்.

முதற்சொல் ‘அண்ணா’. அயலாரை முறைப்பெயரிட்டு அழைப்பது நம் வழக்கமே. பேருந்து நடத்துனரையும் கடைக்காரரையும் அண்ணா என்கிறோம். அப்படி அழைத்தால் அவர் அண்ணனைப்போல் நடந்துகொள்வார் என்று பெண்கள் நம்புகிறார்கள். ஆனால் உறவே இல்லாத இடத்தில் உறவை நாட்ட முயலும் ஒருவருக்கு, நாமே ஓர் உறவுச்சொல்லை எடுத்துக் கொடுத்தல் தகாது. ‘அண்ணா வேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிடு’ என்று பேச்சை நீட்ட அது அவருக்கு இடமாகிவிடும்.

அடுத்தது ‘வேண்டாமே’. ‘வேண்டாம்’ என்பது மறுப்பு. அதன் இறுதியில் ஓர் ஏகாரம் சேர்ந்தவுடன் அது கெஞ்சுதலாகக் குழைந்துவிடுகிறது. ‘தயவுசெய்து’ என்பதும் அதற்குத் துணை நிற்கிறது. இரண்டும் சேர்ந்து, நிறுத்துவதும் நிறுத்தாமலிருப்பதும் அவருடைய தயவு என்று ஆக்கிவிடுகின்றன.

மூன்றாவது, தந்தையின் கோபம். இதில் மறுப்பவர் தந்தையே அன்றி மகள் அல்லள். தந்தை பாராவிட்டால் தடையில்லை என்று படிக்க விரும்புபவர் அப்படியே படித்துக்கொள்வார். காரணம் சொன்னால் அந்தக் காரணத்தோடு வாதிடலாம். விருப்பமில்லை என்று சொன்னாலோ வாதிட ஒன்றுமில்லை. இறுதியிலிருந்த சிரித்த முகம், முன் சொன்ன அனைத்தையும் விளையாட்டாக்கிவிட்டது.

இவற்றைக் கேட்டதும் அவளுக்குச் சினம் பிறந்தது. ‘நீ யார் எனக்கு?’ என்று எழுதிக் காட்டினாள். அதுவும் பயன்படாது என்றேன். கேள்வி என்றால் விடை வரும். ‘நான் யாரென்று போகப்போகத் தெரியும்’ என்பார். மேலும் தமிழில் ‘நீ’ என்பது நெருங்கியவரை அழைப்பது, அல்லது சண்டைக்கு அழைப்பது. இரண்டுமே நெருக்கந்தான். ‘நீங்கள்’ என்பதோ அயலாரை அயலாராகவே நிறுத்தும். இவ்விடத்தில் அது மரியாதைக்காக மட்டும் வருவதன்று, தொலைவுக்காகவும் வருவது.

இறுதியில் நாங்கள் அமைத்த வரி இது:

‘உங்களை எனக்குத் தெரியாது, என் படங்களின் கீழ் நீங்கள் இப்படி எழுதுவதை நான் விரும்பவில்லை, இனி எழுதாதீர்கள்.’

இதில் மூன்று கூறுகள் உள்ளன. முதலாவது உண்மை நிலை. இரண்டாவது விருப்பமின்மை, அதை ‘நான்’ என்று தன்மையிலேயே சொல்கிறாள். மூன்றாவது நேரான எதிர்மறை ஏவல். வசை இல்லை, மன்னிப்பு இல்லை, காரணம் இல்லை. அவர் கடைசியாக எழுதிய குறிப்பின் கீழேயே, பலரும் காணுமாறு அதை இட்டாள். தனிச்செய்தியாக அனுப்பவில்லை. அயலார் ஒருவருக்கு அங்கே விடையெழுதினால் தனி உரையாடலுக்கான கதவை நாமே திறந்ததாகும்.

இந்த வரிக்குச் சட்டத்திலும் ஒரு வேலையுண்டு. ஒரு பெண் தன் விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிய பின்னரும், பழக்கம் ஏற்படுத்திக்கொள்ளும் நோக்கத்துடன் ஓர் ஆடவர் அவளை மீண்டும் மீண்டும் தொடர்புகொள்ளுதல் குற்றம் என்று 2013-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அதற்கு மாற்றாக நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 78-ஆம் பிரிவு. முதன்முறைக் குற்றத்திற்கு 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம். ‘தெளிவாகக் காட்டிய பின்னரும்’ என்ற சொற்களைக் கவனியுங்கள். ‘வேண்டாமே’ என்பது தெளிவா, இல்லையா என்று வழக்காடலாம். ‘நான் விரும்பவில்லை, இனி எழுதாதீர்கள்’ என்பதைப் பற்றி அவ்வாறு வழக்காட இடமில்லை.

அன்று மாலையே அவரிடமிருந்து, ‘சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன். கோபத்திலும் அழகுதான்’ என்று வந்தது. பலரும் தவறுவது இந்த இடத்திலேதான். இரண்டாவது விடை எழுதினால், முதல் வரி முடிவுரையாக இல்லாமல் உரையாடலின் தொடக்கமாகிவிடும். அவள் எழுதவில்லை. அவருடைய கணக்கின் பெயரும் நாளும் தெரியுமாறு, குறிப்புகளையும் தன் மறுமொழியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தாள். அதன் பின்னரே அவரைத் தடுத்தாள். இந்த வரிசை மாறக்கூடாது. முதலில் தடுத்துவிட்டால் அவர் எழுதியவையும் படங்களிலிருந்து மறைந்து, சான்று இல்லாமற் போகக்கூடும்.

இந்த வரி எல்லா நோய்க்கும் மருந்தன்று. மிரட்டல், ஆபாசப் பேச்சு, வீட்டையோ கல்லூரியையோ அறிந்திருப்பதாகக் காட்டும் குறிப்பு ஆகியவை வந்தால் மறுமொழி எழுதிக்கொண்டிருக்க வேண்டுவதில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, வீட்டாரிடம் சொல்லி, காவல் நிலையத்திலோ cybercrime.gov.in என்ற அரசுத் தளத்திலோ முறையிட வேண்டும். பெண்கள் உதவிக்கு 181 என்ற எண்ணும் உண்டு. பள்ளி மாணவிகள், குறிப்பு எத்துணைச் சிறியதாயினும், முதலில் பெரியவர் ஒருவரிடம் காட்டுவதே நன்று. ஒன்றுமே எழுதாமல் நேரே தடுத்துவிடுதலும் ஒரு பெண்ணின் உரிமையே, மறுமொழி கடமையன்று.

இளைஞர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மனிதர் தம்மைத் தீயவர் என்று எண்ணியிருக்கமாட்டார். ‘நன்றி அண்ணா’ என்ற இரு சொற்களை அவர் அழைப்பாகப் படித்தார். பிறகு வந்த மௌனத்தை நாணமாகப் படித்தார். நேரில் அறியாத ஒருத்தியை ‘செல்லம்’ என்று எழுதப் புகும் முன், அதே சொல்லைப் பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் உரக்கச் சொல்வோமா என்று எண்ணிப் பார்த்தால் போதும். அங்கே நா எழாதது இங்கே விரலால் எழுதத் தக்கதன்று.

ஒரு வாரம் கழித்து வேறொரு பெயரில், புதிய கணக்கொன்றிலிருந்து ‘இன்னும் கோபமா?’ என்று ஒரு குறிப்பு வந்தது. இம்முறை அவள் விடை எழுதவில்லை. முன் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகளுடன் இதனையும் சேர்த்துத் தன் தந்தையை உடனழைத்துக்கொண்டு காவல் நிலையம் சென்றாள். அங்கிருந்த பெண் அதிகாரி எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, “வேண்டாம் என்று எப்போதாவது சொன்னாயா, அம்மா?” என்று கேட்டார். அவள் அந்த ஒரு வரியைக் காட்டினாள். அதிகாரி நாளைக் குறித்துக்கொண்டு, மனுவை எழுதத் தொடங்கச் சொன்னார்.