37 டிகிரி என்பது ஒரு செல்லப்பெயர்

ஜேஇஇ, நீட் தேர்வுகளுக்குத் தயாராகிற பிள்ளைகளின் இயற்பியல் நோட்டில் ஒரு சாய்தளம் வந்தால், அதன் கோணம் பெரும்பாலும் 30, 45, 60 என்று இருக்கும். இல்லையென்றால் 37 அல்லது 53. முதல் மூன்றும் எல்லோருக்கும் பழக்கமானவை. 37-ம் 53-ம் எங்கிருந்து வந்தன என்று யாரும் அதிகம் கேட்பதில்லை. கேள்வியின் ஓரத்திலேயே sin 37° = 3/5 என்று போட்டிருப்பார்கள், அதை அப்படியே மனப்பாடம் செய்துகொள்வதுதான் வழக்கம். ஆனால் கால்குலேட்டரில் sin 37° தட்டிப் பார்த்தால் 0.6018 என்று வருகிறது. 0.6 இல்லை. அப்போ எது சரி?

3/5 தான் சரி. 37 என்பதுதான் தோராயம். பக்கங்கள் 3, 4, 5 உள்ள செங்கோண முக்கோணத்தை எடுத்துக்கோங்க. 9 + 16 = 25, எனவே 5 நீளமுள்ள கர்ணத்துக்கு எதிரே இருப்பது துல்லியமான செங்கோணம். சின்னக் கோணத்துக்கு θ என்று பெயர் வைத்தால், அதன் எதிர்ப்பக்கம் 3, அடுத்துள்ள பக்கம் 4.

sin θ = 3/5, cos θ = 4/5, tan θ = 3/4

இதில் எங்கேயும் தோராயம் இல்லை. கோணத்தை டிகிரியில் சொல்லுங்கள் என்று கேட்டால்தான் சிக்கல்: 36.8699... என்று முடிவில்லாமல் போகும். அதைச் சுருக்கி வைத்த செல்லப்பெயர்தான் 37.

30 டிகிரியில் நிலைமை நேர்மாறு. கோணம் துல்லியம், ஆனால் cos 30° = √3/2, அதை 0.866 என்று எழுதிய நிமிடமே தோராயம் வந்துவிடுகிறது. ரெண்டும் சேர்ந்து கிடைக்காதா? கிடைக்காது. 0 முதல் 90 டிகிரி வரை, பின்னமாக எழுதக்கூடிய டிகிரி அளவுக்கு சைனும் பின்னமாக வரவேண்டும் என்றால், அந்த சைன் 0, 1/2, 1 இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். இதற்கு நிவென் தேற்றம் என்று பெயர். ஆகவே முழு எண் பக்கங்கள் கொண்ட எந்தச் செங்கோண முக்கோணத்துக்கும் குறுங்கோணங்கள் அழகான டிகிரியில் அமையாது. 3-4-5 மட்டும் பண்ணுகிற குறும்பு இல்லை இது.

இப்போ ஒரு கணக்கு. 4 மீட்டர் கிடைமட்டத்தில் 3 மீட்டர் உயரும் சாய்தளம், அதன் மேல் 10 கிலோ பெட்டி. உராய்வுக் குணகம் 0.5, g-ஐ 10 என்று வச்சுக்கலாம். எடை 100 நியூட்டன். சாய்வு வழியே கீழே இழுப்பது 100 × 3/5 = 60. தளத்தை அழுத்துவது 100 × 4/5 = 80. உராய்வு 0.5 × 80 = 40. மிச்சம் 20 நியூட்டன், எனவே முடுக்கம் 2 மீ/வி². கால்குலேட்டரும் வேண்டாம், பேனாவும் அநேகமாக வேண்டாம்.

இங்கே வழக்கமாக நடக்கிற தவறு 60-ஐயும் 80-ஐயும் இடம் மாற்றிப் போடுவது. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: சாய்வு 45 டிகிரிக்குக் கீழே என்றால், கீழே இழுக்கும் கூறு தளத்தை அழுத்தும் கூறைவிடச் சின்னதாகத்தான் இருக்கணும். 53 என்று கொடுத்திருந்தால் அது அதே முக்கோணத்தின் மற்ற மூலை, அங்கே பெரிசு சின்னது மாறிவிடும்.

இதே கணக்கை 37° என்று கால்குலேட்டரில் போட்டால் முடுக்கம் 2.02 வரும். ஒரு சதவீத வித்தியாசம், பெரிசா ஒண்ணுமில்லை. ஆனால் உராய்வுக் குணகத்தை 0.75 ஆக்கிப் பாருங்கள். பின்னத்தில் கணக்கிட்டால் இழுப்பது 60, உராய்வால் அதிகபட்சம் தடுக்க முடிவதும் 0.75 × 80 = 60. பெட்டி நழுவும் விளிம்பில் நிற்கிறது. 37° என்று போட்டால் இழுப்பு 60.18, தடுப்பு 59.90. பெட்டி நழுவிவிட்டது! பெட்டி நிற்குமா நிற்காதா என்ற பதிலே மாறிப்போகிறது. இரண்டு பெரிய எண்களைக் கழித்துச் சின்ன மிச்சம் எடுக்கிற இடத்தில்தான் இந்த ஆபத்து. அதனால் கொடுத்தது 3/4 சாய்வு என்றால், அதை டிகிரியாக்கி மறுபடி சைன் எடுக்கிற சுற்றுவழியே வேண்டாம். பின்னத்தைக் கடைசிவரை பின்னமாகவே கொண்டுபோங்கள்.

சரி, கடைசியில் கோணத்தையும் சொல்லியாகணும் என்றால்? கோணமானியில் வைத்துப் பார்க்க, படம் வரைய, டிகிரி வேண்டும்தான். அதற்கு ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. 15-ம் நூற்றாண்டில் குசானஸும், 1621-இல் ஸ்னெல்லும் கையாண்ட யோசனையிலிருந்து வருவது:

கோணம் ≈ 172 × எதிர்ப்பக்கம் ÷ (2 × கர்ணம் + அடுத்துள்ள பக்கம்)

நம் முக்கோணத்துக்கு 172 × 3 = 516. கீழே 10 + 4 = 14. வகுத்தால் 36.86. உண்மையான மதிப்பு 36.87. எனக்கு இது முதலில் மாயாஜாலம் மாதிரித்தான் தெரிந்தது, ஆனால் காரணம் சாதாரணம். θ ரேடியனில் இருக்கும்போது sin θ ஏறக்குறைய θ − θ³/6, அதாவது θ-வை (1 − θ²/6)-ஆல் பெருக்கியது. 2 + cos θ ஏறக்குறைய 3 − θ²/2, அதாவது அதே (1 − θ²/6)-இன் மூன்று மடங்கு. ஒன்றை மற்றதால் வகுத்தால் அடைப்புக்குறி அடிபட்டு θ/3 மட்டும் நிற்கிறது. மூன்றால் பெருக்கி, ரேடியனுக்கு 57.3 டிகிரி வீதம் மாற்றினால் 171.9. விட்டுவிட்ட சின்ன உறுப்புகளால் விடை ஒரு மயிரிழை குறைவாக வரும், எனவே 172 என்று உயர்த்திக்கொண்டால் அதுவும் ஈடாகிவிடுகிறது.

கோணம் பெரிசானால் இந்த ஈடு பத்தாது. அதே முக்கோணத்தின் பெரிய கோணத்துக்குப் போட்டால் 688 ÷ 13 = 52.92 வரும், உண்மை 53.13. ஆகவே எப்போதும் சின்னக் கோணத்தைக் கண்டுபிடித்து 90-இலிருந்து கழியுங்கள்.

கோணத்தை இரட்டிப்பாக்கும்போதும் பின்னம் நமக்குக் கைகொடுக்கும். sin 2θ = 2 × 3/5 × 4/5 = 24/25, cos 2θ = 16/25 − 9/25 = 7/25. இது 7-24-25 முக்கோணம், இதுவும் துல்லியம். ஆனால் செல்லப்பெயரை இரட்டித்து 74 என்றால் பிழையும் இரட்டிக்கும், ஏனெனில் உண்மை 73.74. சரிபார்க்க இந்தப் புது முக்கோணத்தின் சின்னக் கோணத்தைச் சூத்திரத்தில் போடலாம்: 172 × 7 = 1204, கீழே 50 + 24 = 74, விடை 16.27. 90-இலிருந்து கழித்தால் 73.73.