களர் நிலத்துக்கு எத்தனை மூட்டை ஜிப்சம்?

மழை ஓய்ந்து நான்கு நாளாகியும் வயலில் தேங்கிய நீர் கலங்கலாகவே நின்றால் அது களர் நிலம் என்பதற்கு ஓர் அறிகுறி. களிமண் துகள்களில் ஒட்டியிருக்கும் சோடியம் அவற்றைச் சேரவிடாமல் பிரித்து வைக்கிறது. அதனால்தான் நீர் தெளிவதும் இல்லை, உள்ளே இறங்குவதும் இல்லை. ஜிப்சத்திலுள்ள கால்சியம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை வெளியேற்றும். எவ்வளவு ஜிப்சம் என்பதைப் பக்கத்து வயலைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மண் பரிசோதனையின் இரண்டு எண்களே போதும்.

ஒன்று, பரிமாற்ற சோடிய விழுக்காடு. துகள்கள் பிடித்து வைத்திருக்கும் அயனிகளில் சோடியத்தின் பங்கு இது. 15-ஐத் தாண்டினால் களர். மற்றொன்று, பரிமாற்றத் திறன், அதாவது அயனிகளைப் பிடித்து வைக்க மண்ணில் உள்ள மொத்த இடம்.

உதாரணமாக ஒரு வயலில் சோடியம் 40 விழுக்காடு, பரிமாற்றத் திறன் கிலோவுக்கு 20 சென்டிமோல் என்று வைத்துக்கொள்வோம். சோடியத்தை 10 விழுக்காட்டுக்குக் குறைக்க வேண்டும். நீக்க வேண்டியது 30 விழுக்காடு. 20-இல் 30 விழுக்காடு 6 சென்டிமோல். ஒரு சென்டிமோலுக்கு 0.86 கிராம் ஜிப்சம் தேவை. ஆக, கிலோ மண்ணுக்கு 5.16 கிராம்.

ஒரு ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண்ணின் எடை சுமார் 9.1 லட்சம் கிலோ. பெருக்கினால் 4.7 டன். வாங்கும் ஜிப்சம் 80 விழுக்காடு தூய்மை என்றால், 0.8-ஆல் வகுத்து 5.9 டன், 50 கிலோ மூட்டையில் 117-க்கு மேல்.

மலைக்க வேண்டாம். நெல் களரைத் தாங்கும் பயிர், அதற்கு 10 வரை இறக்கத் தேவையில்லை. அதனால் கணக்கில் வரும் அளவில் பாதியை இடுவதே வழக்கம். இந்த வயலுக்கு 59 மூட்டை. திருச்சி வட்டாரத்தில் களரைத் தாங்கும் டிஆர்ஒய் ரகங்கள் இருப்பதும் துணை.

இந்தக் கணக்கு இரண்டு இடங்களில் பிசகும். மண் நீரில் கரைந்திருக்கும் உப்பின் சோடியத்தைக் கழிக்காமல் அளந்தால், விழுக்காடு கூடிக் காட்டி ஜிப்சம் வீணாகும். மாறாக, மண்ணில் சோடியம் கார்பனேட் இருந்தால் அதுவே ஜிப்சத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். இந்தச் சூத்திரத்துக்கு அது தெரியாது. அமிலக்கார நிலை 9-ஐத் தாண்டிய மண்ணுக்கு, ஜிப்சக் கரைசலோடு மண்ணைக் குலுக்கி எவ்வளவு கால்சியம் குறைந்தது என நேரடியாக அளக்கும் ஸ்கூனோவர் முறைச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

வெளியேறிய சோடியம் சோடியம் சல்பேட்டாக நீரில் நிற்கும். ஜிப்சத்தைத் தூவி உழுது, நீர் கட்டிச் சில நாள் விட்டு, அந்த நீரை வடிகாலில் வடித்தே ஆக வேண்டும். வடிகால் இல்லாத வயலில் எத்தனை மூட்டை இட்டாலும், காய்ந்ததும் அந்த உப்பு மேலே ஏறிப் பூத்துவிடும்.