முதலில் எதைச் செய்வது?

கேரள மாவட்டம் ஒன்றின் வெள்ளச் சுற்றறிக்கையைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருத்தித் தரும் வேலை என்னிடம் வந்தது. பழைய தமிழ் வடிவத்தில் 14 அறிவுரைகள். முதலாவது, ரேஷன் கார்டைப் பத்திரப்படுத்துவது. பதினோராவது: ‘வெள்ளம் புகும் பட்சத்தில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வெளியேறவும்.’

ஆபத்து இந்த வரியில்தான். மலையாளத்தில் ‘வெள்ளம்’ என்றால் வெறும் தண்ணீர். தமிழில் அது பெருக்கு. வாசல்வரை தண்ணீர் வந்தாலும், ‘இது வெள்ளமல்ல’ என்று தமிழர் காத்திருக்கக்கூடும். பிறகு ஈரத்தில் நின்று சுவிட்சைத் தொடுவார்கள்.

வரியை இரண்டாக்கினேன்: ‘வீட்டுக்குள் தண்ணீர் வருமுன் மெயின் சுவிட்சை ஆஃப் செய்யுங்கள். வந்துவிட்டால் சுவிட்சைத் தொடாமல் வெளியேறுங்கள்.’ ‘அணை’ என்ற சொல்லைத் தவிர்த்தேன். அது நீர்த்தேக்கத்தையும் குறிக்கும். 2018 ஆகஸ்டில் செறுதோணி அணை திறக்கப்பட்டதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லே எச்சரிக்கை.

அறிவுரைகள் இப்போது மூன்று தலைப்புகளில்: ‘உடனே’, ‘ஒரு மணி நேரத்துக்குள்’, ‘இன்றைக்குள்’. வெளியேறுவது முதலாவதில், ரேஷன் கார்டு கடைசியில். ‘தேவைப்படின் மக்கள் மாற்றப்படுவர்’ என்பதில் யார், எப்போது என்பதே இல்லை. ‘சைரன் கேட்டதும் ஆற்றோர வீட்டார் பள்ளிக்கூட முகாமுக்குப் போங்கள்’ என்றானது.

கடைசிச் சோதனை எளிது. ஒருமுறை வாசித்துக்காட்டித் தாளை மடித்துவிட்டு, “முதலில் என்ன செய்வீங்க?” என்று கேட்கவேண்டும். இருவர் இரு பதில் சொன்னால் திருத்த வேண்டியது அறிக்கையைத்தான்.